முதல் கடிதத்திலேயே பான் நம்பரா?

வேலை தேடாத ஒருவருக்கு விண்ணப்பப் படிவத்தை அனுப்பிவைத்துவிட்டு, அதற்கு 'வாய்ப்பு' என்று பெயர் வைப்பது நம் ஊர் ஆள்சேர்ப்புத் தொழிலில் மட்டும்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். ஐ.டி.யில் ஐந்தாறு வருடம் குப்பை கொட்டிய எந்த அண்ணனிடமாவது, அக்காவிடமாவது கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு வாராவாரம் இப்படி ஒன்று வந்திருக்கும். ஆங்கிலத்தில் வருவதைப் படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன்:

"அன்புள்ள விண்ணப்பதாரருக்கு, வணக்கம். எங்கள் வாடிக்கையாளரான ஒரு முன்னணி பன்னாட்டு நிறுவனத்தில் அவசரத் தேவை உள்ளது. விருப்பமிருந்தால் கீழ்க்கண்டவற்றை உடனே அனுப்பவும். மொத்த அனுபவம், தொடர்புடைய அனுபவம், தற்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட், பிறந்த தேதி, பான் நம்பர், வேலை மாறக் காரணம். 15 நாட்களுக்குள் சேரக்கூடியவர்கள் மட்டும்."

இதில் முதல் வார்த்தையிலிருந்தே தப்பு. அவர் விண்ணப்பிக்கவே இல்லையே, பிறகு எப்படி விண்ணப்பதாரர் ஆனார்? வேறு ஓர் இடத்தில் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் அவர். கேட்டவர் தன் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை, சம்பளத்தைச் சொல்லவில்லை, ஊரைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எதிராளியின் சம்பளமும் பிறந்த தேதியும் வருமான வரி எண்ணும் வேண்டுமாம். வேலை மாறக் காரணம் என்று ஒரு கட்டம் வேறு. மாறப் போகிறேன் என்று அவர் எப்போது சொன்னார்?

இந்தக் கடிதம் ஏன் இப்படி இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவர்கள் எல்லாம் மரியாதை தெரியாதவர்கள் என்பது என் வாதம் அல்ல. மனிதவளம் படிக்கிற மாணவன் என்ற முறையில், கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு கன்சல்டன்சியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே பார்த்தது இதுதான். ஒரே காலியிடத்தை நிறுவனம் ஐந்தாறு கன்சல்டன்சிகளிடம் ஒரே நாளில் கொடுக்கிறது. யார் அனுப்பிய ஆள் சேருகிறாரோ அவர்களுக்குத்தான் கமிஷன். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது இந்தத் தொழிலில் பரவலாக இருக்கும் கணக்கு. ஒரே ஆளை இரண்டு பேர் அனுப்பினால், முதலில் அனுப்பியவருக்கே அந்த ஆள் சொந்தம். பெயரும் மின்னஞ்சலும் மாறலாம், பான் நம்பர் மாறாது. ஆகவே இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க அதுதான் சாவி.

புரிகிறதா? முதல் கடிதத்தில் வரும் அந்தப் படிவம் உங்களுக்காகப் போட்டது அல்ல. கன்சல்டன்சிகள் ஒன்றோடொன்று ஓடும் பந்தயத்துக்காகப் போட்டது. உங்கள் மேல் முதலில் முத்திரை குத்துவது யார் என்பதுதான் கேள்வி. அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பது அதற்கு அப்புறம்.

வேலை இல்லாமல் தேடிக்கொண்டிருப்பவர் இந்தப் படிவத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்புவார். அவருக்குத் தேவை இருக்கிறது. வேலையில் இருப்பவருக்கு அந்தத் தேவை இல்லை. மாறாக, இழப்பதற்கு ஒன்று இருக்கிறது. வெளியே பார்க்கிறார் என்ற செய்தி மேனேஜர் காதுக்குப் போனால் அடுத்த அப்ரைசல் என்ன ஆகும்? யாரென்றே தெரியாத ஒருவரிடம் பான் நம்பரும் சம்பளமும் போனபின், தன் பயோடேட்டா எந்தெந்த நிறுவனத்துக்குத் தனக்குத் தெரியாமல் போகும்? ஒருவேளை தான் இப்போது இருக்கும் நிறுவனத்தின் இன்னொரு கிளைக்கே போனால்? பதில் எழுதுவதில் இருக்கும் ஆபத்து முழுவதும் அவர் தலையில். எழுதியவர் தலையில் எதுவும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொண்டு எழுதுவதைத்தான் நான் மரியாதை என்கிறேன். 'டியர் சார்' என்று தொடங்குவதை அல்ல.

நிற்க. இதற்கு மாற்றாகச் சிலர் ஒரு புது வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். "ஹாய், வேலை மாறும் எண்ணம் உண்டா? நம்பர் அனுப்புங்கள்." சுருக்கமாம்! இது படிவத்தைவிட மோசம் என்பேன். ஒரே வரிதான், ஆனால் அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்ல எதிராளி என்ன வேலை, எந்த ஊர், யார் நீங்கள், எவ்வளவு சம்பளம் என்று நான்கு கடிதம் எழுத வேண்டும். சுருக்கம் என்பது வார்த்தை எண்ணிக்கை அல்ல. படிப்பவர் 'வேண்டும்' அல்லது 'வேண்டாம்' என்று முடிவு செய்ய எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதுதான் அதன் அளவு. எட்டு வரி எழுதி அந்த முடிவை அரை நிமிடத்தில் எடுக்க வைத்தால் அது சுருக்கம். ஒரு வரி எழுதி நாலு நாள் இழுத்தால் அது வளவளா.

சரி, எப்படித்தான் எழுதுவது? ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சென்னையில் கார் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறார் ஒருவர். வண்டிக்குள் இருக்கும் சிறு கணினிகளுக்கு, அதாவது ஈசியூக்களுக்கு, பூட்லோடர் எழுதுவது அவர் வேலை. கோவையில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அதே திறமை தேவை. அங்கே ஆள்சேர்ப்பில் இருப்பவர் இப்படி எழுதலாம்:

"வணக்கம். நான் (இன்ன நிறுவனத்தின்) சொந்த ஆள்சேர்ப்புப் பிரிவில் இருக்கிறேன், கன்சல்டன்சி அல்ல. ஈசியூ பூட்லோடர் எழுதும் எங்கள் நான்கு பேர் குழுவுக்கு ஐந்தாவதாக ஒருவரைத் தேடுகிறோம். ஃபிளாஷிங் பாதியில் கரண்ட் போனால் எப்படி மீள்வது என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் குழு இப்போது திணறுவதும் அதே இடத்தில்தான். இடம் கோவை, வாரம் மூன்று நாள் அலுவலகம். ஆண்டுச் சம்பளம் 18 முதல் 23 லட்சம். 90 நாள் நோட்டீஸ் என்றாலும் காத்திருப்போம். ஆர்வமிருந்தால் உங்களுக்கு வசதியான ஒரு மாலையில் 15 நிமிடம் பேசலாமா? இல்லையென்றால் 'வேண்டாம்' என்ற ஒரு வார்த்தை போதும், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்."

இதில் எதிராளியிடம் கேட்டிருப்பது எத்தனை? ஒன்றே ஒன்று. பேசலாமா? மற்ற எல்லா வரியும் கொடுக்கும் வரிகள்.

'உங்கள் கட்டுரையைப் படித்தேன்' என்ற வரியைக் கவனியுங்கள். 'உங்கள் புரொஃபைல் எங்களை வெகுவாகக் கவர்ந்தது' என்று எழுதியிருந்தால் அதை ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். சோதனை சுலபம்: பெயரை அழித்துவிட்டு அதே வரியை இன்னொருவருக்கு அனுப்ப முடியுமா? முடியும் என்றால் அந்த வரி பொய், எடுத்துவிடுங்கள். நோட்டீஸ் பற்றிய வரியும் அப்படித்தான். 90 நாள் நோட்டீஸ் என்பது நம் ஐ.டி. நிறுவனங்களில் சர்வசாதாரணம். அப்படிப்பட்டவரிடம் '15 நாளில் சேர வேண்டும்' என்று கேட்டால், தான் யாருக்கு எழுதுகிறோம் என்றே பார்க்காமல் எழுதினார் என்று அர்த்தம். அந்த ஒரு வரியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைசி வரி இன்னும் முக்கியம். வேண்டாம் என்று சொல்ல ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டும். அது தோல்வி அல்ல. லிங்க்ட்இன்னில் காசு கொடுத்து அனுப்பும் இன்மெயிலுக்கு 90 நாட்களுக்குள் பதில் வந்தால், செலவான கிரெடிட் அனுப்பியவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். 'வேண்டாம்' என்ற பதிலுக்கும் அப்படித்தான். ஆக, மறுப்பு வாங்கினாலும் லாபம்தான். மௌனம் மட்டும்தான் நஷ்டம்.

எந்த வழியாக அனுப்புவது என்பதும் மரியாதையில் சேர்த்திதான். அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பக் கூடாது. அது அந்த நிறுவனத்தின் சொத்து, நிறுவனம் நினைத்தால் படிக்கும். காலை பதினோரு மணிக்கு செல்போனில் கூப்பிடுவதும் கூடாது. பக்கத்து சீட்டில் ஆள் இருக்கும்போது அவர் "ராங் நம்பர்" என்று பொய் சொல்ல வேண்டியிருக்கும். முதல் பேச்சிலேயே ஒருவரைப் பொய் சொல்ல வைப்பது என்ன தொடக்கம்?

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். 'சம்பளத்தை முதலிலேயே சொன்னால் எல்லோரும் 23 லட்சம்தான் கேட்பார்கள்' என்பார்கள். கேட்கட்டுமே. 25 வாங்குபவர் அரை நிமிடத்தில் விலகிக்கொள்வார், இரண்டு பக்கமும் மூன்று ரவுண்ட் இன்டர்வியூ மிச்சம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2018 முதல், வேலைக்கு எடுப்பவர் பழைய சம்பளத்தைக் கேட்பதே சட்டப்படி தடை. அங்கே யாரும் ஆள் கிடைக்காமல் கடையை மூடிவிடவில்லை.

'வாடிக்கையாளர் பெயரைச் சொல்ல அனுமதி இல்லை' என்பது இரண்டாவது. சில நேரம் உண்மைதான். அப்படியென்றால் அதையே எழுதுங்கள்: "பெயரை இப்போது சொல்ல இயலாது, முதல் பேச்சில் சொல்வேன். கோவையில் 300 பேர் வேலை செய்யும், பிரேக் சிஸ்டம் செய்யும் நிறுவனம்." 'முன்னணி பன்னாட்டு நிறுவனம்' என்ற ஜல்லியடிப்புக்கு இது எவ்வளவோ மேல்.

மூன்றாவதுதான் கொஞ்சம் கனமானது. 'ஒரு நாளைக்கு நூறு பேருக்கு அனுப்பச் சொல்கிறார்கள், ஒவ்வொருவர் கட்டுரையையும் எப்போது படிப்பது?' கேட்பவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த இரண்டு மாதத்தில் அந்த நெருக்கடியைப் பார்த்தேன். ஆனால் அதற்கான விடை கடிதத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அனுப்பிய கடிதத்தை எண்ணி மார்க் போடும்வரை நூறு குப்பைதான் வரும். ஆள்சேர்ப்பவரின் வேலையை, பேச ஒப்புக்கொண்டவர்களின் எண்ணிக்கையை வைத்து அளந்து பாருங்கள். நாளைக்குப் பத்து பேருக்கு மேல் யாரும் எழுத மாட்டார்கள். அந்தப் பத்தும் கடிதமாக இருக்கும்.

பான் நம்பரை எப்போதுதான் கேட்பது? பேசியபின், வேலை பிடித்தபின், 'என் பயோடேட்டாவை இந்த நிறுவனத்துக்கு மட்டும் அனுப்புங்கள்' என்று அவர் வாயால் சொன்னபின். பெண் பார்க்கப் போகிற வீட்டில் வாசலிலேயே நின்றுகொண்டு ரேஷன் கார்டை யாரும் கேட்பதில்லை. கேட்டால் கதவைச் சாத்துவார்கள். இப்போது பதிலே வராமல் ஆயிரக்கணக்கில் கதவுகள் சாத்தப்படுவதும் அதனால்தான். 'இந்தக் காலத்துப் பசங்க பதிலே போடுவதில்லை' என்று புலம்புகிற பெரியவர்கள், தாங்கள் கடைசியாக அனுப்பிய கடிதத்தை ஒருமுறை எடுத்துப் படிக்கட்டும்.