சர்ஜரியா, அனஸ்தீசியாவா?

1/ நீட் பிஜி ரேங்க் வந்ததும் ஜூனியர்ஸ் கேக்குற கேள்வி: "சார், இந்த ரேங்க்குக்கு எந்த பிராஞ்ச் நல்லது?" எல்லாருக்கும் நல்லதுன்னு ஒரு பிராஞ்ச் கிடையாது. ஒரே ஆபரேஷன் தியேட்டர்ல நிக்குற ரெண்டு பேரை வச்சு சொல்றேன். ஒருத்தர் சர்ஜன், இன்னொருத்தர் மயக்க மருந்து டாக்டர்.

2/ முதல்ல வயசுக் கணக்கு. 18 வயசுல சேர்ந்தா ஹவுஸ் சர்ஜன் முடிக்க 23½. ஒரு வருஷம் நீட் பிஜிக்கு படிச்சு, 3 வருஷம் பிஜி முடிச்சா 27½. மயக்க மருந்து எம்.டி. அங்கேயே முழு ஸ்பெஷலிஸ்ட். குடல், சிறுநீரகம்னு தனி சர்ஜரிக்குப் போறவர் இன்னொரு நுழைவுத் தேர்வு எழுதி எம்.சிஹெச். 3 வருஷம் படிக்கணும். அப்புறமும் சில வருஷம் சீனியர்கூட நின்னாத்தான் கை பழகும். 27½ வயசுல வீட்டுக்கு உங்க சம்பளம் அவசியமா? இதை யோசிக்காம சேராதீங்க.

3/ அடுத்தது தூக்கம். ராத்திரி 2 மணிக்கு குடல்வால் வெடிச்ச கேஸ் வந்தா ரெண்டு பேருமே ஓடணும். "பொண்ணுக்கு அனஸ்தீசியாதான் வசதி"ன்னு சொல்ற பெற்றோர் கவனிக்க: அர்த்தராத்திரி சிசேரியனும் அவங்க இல்லாம நடக்காது.

வித்தியாசம் அடுத்த நாள்தான். நோயாளி நல்லா முழிச்சு நிலையானதும் மயக்க மருந்து டாக்டரோட வேலை பெரும்பாலும் முடிஞ்சிடும். சர்ஜனுக்கு போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். காய்ச்சலா, காத்து பிரிஞ்சுதா, தையல்ல சீழ் இருக்கா. லீவு போட்டாலும் அந்த நோயாளி மனசுக்குள்ள கூடவே வருவார்.

4/ தேவை ரெண்டுக்கும் இருக்கு. மயக்க மருந்து டாக்டர் கிளினிக் போடாம, நாலஞ்சு நர்சிங் ஹோமுக்குப் போயே சம்பாதிக்கலாம். ஆனா கூப்பிடுறது சர்ஜன். அவரோட ஒத்துப்போகலைன்னா அழைப்பு நின்னுடும். சர்ஜனுக்குப் பேர் வர லேட்டாகும், வந்துட்டா நோயாளியே தேடி வருவார்.

5/ கடைசியா குணம். எனக்கு இதுதான் முக்கியம்.

மயக்க மருந்துல ரெண்டு மணி நேரம் மானிட்டரைப் பார்த்துட்டு அமைதியா இருக்கணும். திடீர்னு ஒரு கேஸ்ல மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போகாது, ஆக்சிஜன் இறங்கும். கையில இருக்கிறது சில நிமிஷம். காப்பாத்தினாலும் நோயாளிக்கு உங்க பேர்கூட தெரியாது.

சர்ஜரியில குடல்ல போட்ட தையல் அஞ்சாம் நாள் கசியலாம். குடும்பத்து முன்னாடி நின்னு அதை நீங்கதான் சொல்லணும். மறுபடி வயித்தைத் திறக்கணும். மறுநாள் அடுத்த கேஸுக்கு கை நடுங்கக் கூடாது.

6/ ஹவுஸ் சர்ஜனா இருக்கும்போதே சோதிச்சுப் பாருங்க. பெரிய ஆபரேஷனை வேடிக்கை பார்த்து முடிவு பண்ணாதீங்க, அது எல்லாருக்கும் பிடிக்கும். மூணாம் நாள் டிரெஸ்ஸிங் மாத்தப் போங்க. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்துப் பரிசோதனையில அரை நாள் உக்காருங்க. எந்த சாதாரண வேலை உங்களுக்கு எரிச்சல் தரலையோ, அதை எடுங்க.

7/ என் வரிசை: குணம், வருஷம், தூக்கம், கடைசியா மார்க்கெட். நீங்க படிச்சு வெளிய வர்றதுக்குள்ள மார்க்கெட் மாறிடலாம். குணம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.