பன்னிரண்டு சார்ட்டுகளும் ஒரே குடும்பம்

பள்ளிக் கண்காட்சிக்கு ஆறு மாணவிகள் பன்னிரண்டு சார்ட்டுகள் வரைந்தால், அவை ஆறு பள்ளிகளிலிருந்து வந்தவை போலத் தோன்றுவதுண்டு. "எல்லோரும் அழகாக வரையுங்கள்" என்று சொல்வதால் இது தீராது. வரையத் தொடங்கும் முன் ஒரு மூட் போர்டும், அதிலிருந்து பிறந்த ஒரு விதித்தாளும் வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்கு, ஓட்ல் ஐக்கர் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளரின் குழு இதைச் செய்து காட்டியது. அவர்கள் அந்த ஊரின் வானத்தையும் மலையையும் நினைவூட்டும் இளநீலத்தையும் பச்சையையும் முதன்மையாக எடுத்துக்கொண்டார்கள். சர்வாதிகார ஆட்சியை நினைவூட்டிய சிவப்பை விலக்கினார்கள். சுவரொட்டி முதல் வழிகாட்டிப் பலகை வரை ஒரே எழுத்துருவைப் பயன்படுத்தினார்கள்.

அடையாற்று முகத்துவாரத்தைத் தலைப்பாக வைத்துக்கொள்வோம். முதலில் ஆளுக்கு மூன்று படங்கள் கொண்டுவந்து ஓர் அட்டையில் ஒட்ட வேண்டும். பிறகு பொருந்தாதவற்றை எடுத்துவிட வேண்டும். பளபளக்கும் மாலைச் சூரியன் தனியாக அழகுதான். ஆனால் சேறு, நாணல், நாரை என்ற அமைதியான படங்களுக்கு நடுவே அது உறுத்தும். ஆறு படங்கள் மிஞ்சினால் போதும். இதுவே மூட் போர்டு. இது உணர்வைச் சொல்லுமே தவிர, அளவைச் சொல்லாது.

அளவைச் சொல்வது விதித்தாள். தலைப்பெழுத்து 5 செ.மீ., மற்ற எழுத்து 2 செ.மீ., நான்கு ஓரமும் 4 செ.மீ., கோடுகளுக்கு ஒரே வகைப் பேனா. பறவைகளைப் பக்கவாட்டில் மட்டும் வரைய வேண்டும். ஒருத்தியின் நாரை மட்டும் கார்ட்டூன் போலச் சிரிக்கக் கூடாது. நிறங்கள் மூன்றே: சேற்றுப் பழுப்பு, இலைப் பச்சை, நீர் நீலம்.

பெரும்பாலும் தகராறு நிறத்தில்தான் வரும். "பச்சை" என்று மட்டும் எழுதினால் ஆறு பச்சைகள் வந்துவிடும். ஆகவே பச்சை இரண்டு கரண்டி, வெள்ளை ஒரு கரண்டி என்ற கணக்கில் ஒருவரே எல்லோருக்கும் கலந்து தர வேண்டும். அதே சார்ட்டுத் தாளில் பூசிக் காய்ந்த துண்டை விதித்தாளில் ஒட்டவும் வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் மாறிவிடும்.

முதல் இரண்டு சார்ட்டுகள் முடிந்ததும் அருகருகே மாட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் போதும். ஒன்று மட்டும் துருத்தித் தெரிந்தால் விதித்தாளில் ஏதோ ஒன்று எழுதப்படவில்லை என்று பொருள். மீதிப் பத்தையும் தொடங்குமுன் அதை எழுதிவிடலாம்.

விதிகள் கற்பனையைக் கட்டிப்போடும் என்பாரும் உண்டு. ஆனால் நாரை எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்பதில் விதித்தாள் தலையிடுவதில்லை. அதை வரைபவளே முடிவு செய்கிறாள். அந்த உரிமையும் அவளிடமே இருக்க வேண்டும் என்கிறோம்.