மேரு கையுறையும் 22 விழுக்காடும்

2021 செப்டம்பரில் டாப் குளோவ் பங்கு ஏறத்தாழ மூன்று வெள்ளிக்குக் கைமாறிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டுக்கு அந்த நிறுவனம் அறிவித்திருந்த மொத்த லாப ஈவு பங்கொன்றுக்கு 65.1 சென். 65.1-ஐ 300-ஆல் வகுத்தால் 21.7 விழுக்காடு வரும். பங்குச் செயலிகளில் டிவிடெண்ட் யீல்டு என்று இருக்கும் கட்டத்தில் ஏறக்குறைய அந்த எண்தான் மின்னியது.

அந்த நேரத்தில் பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி 1.75 விழுக்காடு. வங்கியில் நிரந்தர வைப்பு போட்டவர்களுக்குக் கிடைத்தது இரண்டைச் சுற்றித்தான். ஈபிஎஃப் முந்தைய ஆண்டுக்குக் கொடுத்தது 5.20. இப்படிப்பட்ட காலத்தில் ஒருவன் 22 தருகிறேன் என்றால், துறைமுகத்தில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு ஈபிஎஃப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தூக்கம் வருமா? அதுவும் யாரோ முகம் தெரியாத நிறுவனம் இல்லை. மேருவில் தொழிற்சாலை, செத்தியா ஆலமில் தலைமையகம். 2020 நவம்பரில் தெராத்தாய் கொரோனா தொற்றுத்திரள் வெடித்ததே, அதே தொழிலாளர் விடுதிகள். கிள்ளானில் யாரைக் கேட்டாலும் அங்கே வேலை செய்த ஒருவரையாவது தெரியும்.

போதாததற்கு அந்த மாதத்தில் நல்ல செய்தியும் வந்தது. கட்டாய உழைப்புப் புகாரால் விதித்திருந்த இறக்குமதித் தடையை அமெரிக்கா நீக்கிக்கொண்டது. லாபம் கொட்டுகிறது, தடை நீங்கிவிட்டது, ஈவு 22 விழுக்காடு. அப்படியிருந்தும் 2020 அக்டோபரில் ஒன்பது வெள்ளியைத் தாண்டியிருந்த பங்கு ஏன் மூன்றில் கிடந்தது? 22-ஐப் பார்த்தவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஈவு விகிதம் என்பது ஒரு பின்னம். மேலே இருப்பது கடந்த பன்னிரண்டு மாதத்தில் கொடுத்து முடித்த பணம். கீழே இருப்பது இன்றைய விலை. மேலே உள்ளது பழைய கணக்கு, கீழே உள்ளது வரப்போகிற காலத்தைப் பற்றிச் சந்தை வைத்திருக்கும் எண்ணம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு வகுத்தால் வருகிற எண், அடுத்த ஆண்டு நம் கணக்கில் என்ன விழும் என்று சொல்லாது. விலை பாதியானால் விகிதம் தானாக இரட்டிக்கும். அதற்கு நிறுவனம் ஒரு சென்கூட அதிகமாகக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த 65.1 சென்னைக் காலாண்டு வாரியாகப் பிரித்துப் பார்ப்போம். முதல் காலாண்டுக்கு 16.5 சென், இரண்டாவதற்கு 25.2, மூன்றாவதற்கு 18, நான்காவதற்கு 5.4. ஆண்டு மொத்தத்தைப் பார்த்தால் வள்ளல், கடைசிக் காலாண்டைப் பார்த்தால் கை சுருங்கிவிட்ட மனிதர். அந்த 5.4 அப்படியே நான்கு முறை வரும் என்று வைத்துக்கொண்டால்கூட ஆண்டுக்கு 21.6 சென்தான். மூன்று வெள்ளி விலைக்கு 7 விழுக்காடு சொச்சம். 22 அங்கேயே செத்துப்போயிற்று. இதற்கு ரகசியத் தகவல் எதுவும் வேண்டாம். புர்சா மலேசியா இணையத்தளத்தில் நிறுவனத்தின் அறிவிப்புகளைத் திறந்தால் நான்கு வரியில் இருக்கிறது.

ஏன் சுருங்கியது என்பதற்கும் விடை பொதுவெளியில்தான் இருந்தது. டாப் குளோவின் கொள்கை, லாபத்தில் பாதியை ஈவாகக் கொடுப்பது. அந்த ஆண்டு இரண்டாம் காலாண்டிலிருந்து அதற்குமேல் சிறப்பு ஈவாக இன்னும் 20 விழுக்காடு சேர்த்தார்கள். ஆக, லாபத்தில் 70 விழுக்காடு. ஈவு லாபத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது, லாபம் கையுறை விலையின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. கொரோனாவுக்கு முன்பு ஆயிரம் நைட்ரைல் கையுறை இருபது, இருபத்தைந்து அமெரிக்க டாலருக்குப் போனது. உச்சத்தில் அது நூறு டாலரைத் தாண்டியது. செய்கிற செலவு அந்த அளவுக்கு ஏறவில்லை, ஆகவே ஏறியதெல்லாம் லாபம். இரண்டாம் காலாண்டில் மட்டும் 2.87 பில்லியன் வெள்ளி. தடுப்பூசி பரவி, ஆலைகளும் பெருகி, விலை இறங்கத் தொடங்கியதும் நான்காம் காலாண்டு லாபம் 608 மில்லியனாகச் சரிந்தது.

இது மாதிரி விலை ஏறி இறங்கும் தொழிலில் நான் நம்புவது ஒரே ஒரு சோதனையை. சாதாரண வருஷத்தில் இந்த நிறுவனம் என்ன கொடுத்தது? செம்பனை, இரும்பு, கப்பல், கையுறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2019 நிதியாண்டில் டாப் குளோவ் கொடுத்தது 7.5 சென். 2020 செப்டம்பரில் ஒரு பங்குக்கு இரண்டு போனஸ் பங்கு கொடுத்ததால் ஒன்று மூன்றாகிவிட்டது. அதைக் கணக்கில் எடுத்தால் பழைய 7.5 சென் இன்றைய பங்குக்கு 2.5 சென். மூன்று வெள்ளி விலைக்கு அது ஒரு விழுக்காடுகூட இல்லை. திரையில் 22, சாதாரண வருஷக் கணக்கில் 0.8. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்று ஒருவர் வாதாடலாம். நடந்தது என்னவென்றால், அது 0.8-க்கும் கீழே போனது.

மூன்று வெள்ளிக்கு ஆயிரம் பங்கு வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். முதல் 3,000 வெள்ளி. 5.4 சென் ஈவுக்கு முன்பே வாங்கியிருந்தால் 54 வெள்ளி வந்திருக்கும். அடுத்த காலாண்டுக்கு 1.2 சென், அதாவது 12 வெள்ளி. 2023 நிதியாண்டில் 900 மில்லியனுக்கு மேல் நட்டம், ஈவு கிடையாது. 2022 முடியும்போதே பங்கு ஒரு வெள்ளிக்குக் கீழே கிடந்தது. 66 வெள்ளியை வாங்கிக்கொண்டு இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் விட்டுக்கொடுத்த கணக்கு.

டாப் குளோவ் ஏறிய வேகத்திலேயே இறங்கியதால் பலர் உஷாராகிவிட்டார்கள். மெதுவாக இறங்கும் பங்குதான் ஆபத்து அதிகம் என்பது என் கட்சி. அதற்கு உதாரணம் நம் வீட்டுக் கூரையிலேயே இருந்தது.

ஆஸ்ட்ரோ மலேசியா 2012-ல் மூன்று வெள்ளிக்குப் பங்குச் சந்தைக்கு வந்தது. வானவில் ஓடாத தமிழ் வீடு அபூர்வமாக இருந்த காலம். மாதச் சந்தா நிச்சயமாக வரும், ஈவும் நிச்சயமாக வரும் என்று வாங்கியவர்கள் நிறைய. 2018 ஜனவரியில் முடிந்த ஆண்டுக்கு 12.5 சென் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 9 சென். அதற்கடுத்த ஆண்டு 7.5. ஈவு இப்படி ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தபோது விகிதம் என்ன ஆயிற்று தெரியுமா? ஏறியது. 12.5 சென் கொடுத்தபோது பங்கு இரண்டரை வெள்ளி அளவில் இருந்ததால் 5 விழுக்காடு. 9 சென்னாகக் குறைத்தபோது பங்கு 1.30-ஐச் சுற்றி, ஆகவே 7 விழுக்காடு. 7.5 சென்னான 2020-ல் பங்கு ஒரு வெள்ளிக்குக் கீழே, விகிதம் 8-ஐத் தொட்டது. ஈவை வெட்ட வெட்ட, திரையில் பங்கு மேலும் மேலும் தாராளமாகத் தெரிந்தது. விகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு ஒவ்வொரு வருஷமும் முந்தையதைவிட நல்ல பேரம்.

9 சென் கொடுத்த ஆண்டில் அது ஈட்டிய லாபம் கிட்டத்தட்ட முழுவதும் ஈவாகவே போய்விட்டது. சந்தாதாரர்கள் கைப்பேசியில் படம் பார்க்கத் தொடங்கிவிட்ட காலத்தில், லாபம் சுருங்கும் நிறுவனம் லாபம் முழுவதையும் கொடுத்தால் அடுத்த சரிவைத் தாங்க என்ன மிஞ்சும்? பின்னால் ஈவு மெலிந்து நின்றேபோனது. 2023 முடிவில் பங்கு அரை வெள்ளிக்கும் கீழே.

இவ்வளவும் போன வாரம் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சொல்ல வேண்டி வந்தது. நார்த்போர்ட்டில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். "தம்பி, இதப் பாரு. பதினோரு பெர்சண்ட் தர்றான். ஈபிஎஃப்ல போட்டு வெச்சிருந்தா அஞ்சு, ஆறு" என்று கைப்பேசியை நீட்டினார். கையுறையும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. சின்ன நிறுவனம் ஒன்று. பங்கு 90 சென், கடந்த ஓராண்டு ஈவு 10 சென்.

ஆளுக்கொரு தே தாரிக்கோடு உட்கார்ந்து புர்சா அறிவிப்புகளைத் தோண்டினோம். அந்த 10 சென்னில் 6.5 சென், பழைய கிடங்கு நிலம் ஒன்றை விற்ற பணத்திலிருந்து கொடுத்த சிறப்பு ஈவு. நிலத்தை ஒருமுறைதான் விற்க முடியும். மிச்சம் 3.5 சென், 90 சென் விலைக்கு 3.9 விழுக்காடு. செயலி இரண்டையும் கூட்டித்தான் காட்டுகிறது. பிறகு ரொக்க ஓட்ட அறிக்கைக்குப் போனோம். லாபம் தாளில் இருக்கலாம், ஈவைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும். தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தில் இயந்திரம், கட்டடம் வாங்கியதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கொடுத்த சாதாரண ஈவுக்கே இழுபறி. அதே அறிக்கையில் வங்கிக் கடன் ஏறியிருந்தது. கடன் வாங்கி ஈவு கொடுக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அண்ணனே சொன்னார்.

"அப்ப ஈவைக் குறைச்சாலே ஓடிடணுமா?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. இல்லை. அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் வெஸ்ட்போர்ட்ஸே அதற்குச் சாட்சி. லாபத்தில் 75 விழுக்காட்டை ஈவாகக் கொடுத்துவந்த நிறுவனம், 2020-க்கு அதை 60-ஆகக் குறைத்தது. பங்கொன்றுக்கு 19 சென் சொச்சம் சம்பாதித்து 11.51 சென் கொடுத்தது. கொரோனா நிச்சயமின்மையும், துறைமுகத்தை விரிவாக்கும் திட்டமும் முன்னால் இருந்தன. லாபம் சரிந்து வேறு வழியில்லாமல் வெட்டுவதும், கொடுக்கக் கூடியதில் கொஞ்சத்தைக் கையில் வைத்துக்கொள்வதும் வேறு வேறு. பிறகு பழைய 75-க்கே திரும்பினார்கள். ஆனால் இந்த வித்தியாசம் விகிதத்தில் தெரியாது, பங்கொன்றுக்கான லாபத்தையும் ஈவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். வெஸ்ட்போர்ட்ஸின் விகிதம் பதினொன்று பக்கம் வந்ததே இல்லை; அதனால்தான் அண்ணன் அதை இதுவரை திறந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தச் சின்ன நிறுவனத்தை அவர் விட்டுவிட்டாரா என்றால், முழுதாக இல்லை. ஆயிரம் பங்கு மட்டும் வாங்கிப் பார்க்கப்போகிறாராம். அடுத்த காலாண்டு அறிக்கை வரும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அவருடைய மகள், விலை இன்னும் இறங்கினால் 13 பெர்சண்ட் ஆகுமே அப்பா, அப்போது வாங்கலாமே என்று கேலி செய்கிறாள். அவர் அதையும் ஒரு யோசனையாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.