வெண்ணெய் டீயும் கேவுரு கூழும்

போன சித்திரையில சென்னையில இருந்து அக்கா மகன் வந்திருந்தான். காலையில இட்லி எடுத்து வச்சா, "வேணாம் மாமா, எனக்கு வெண்ணெய் டீ போதும்"னுட்டான். பால், சர்க்கரை இல்லாத டீயில ரெண்டு கரண்டி வெண்ணெய், ஒரு 30 கிராம் இருக்கும், போட்டு மிக்சியில அடிச்சான். சும்மா கலக்கினா எண்ணெய் மேல மிதக்கும். அடிச்சா பால் டீ மாதிரியே நுரைச்சு வருது. நல்லாத்தான் இருந்துச்சு.

குடிச்சிட்டு என்கூட மரக்காணம் உப்பளம் பார்க்க வந்தான். பத்து மணிக்குத் தலை சுத்துதுன்னு வரப்பிலேயே உக்காந்துட்டான். கெண்டைக்கால் வேற இழுக்குது. உப்பு வாருற அம்மா ஒருத்தங்க தூக்குவாளியில இருந்து மோர் விட்டுக் கரைச்ச கேவுரு கூழை உப்பு போட்டுக் கொடுத்தாங்க. அரை மணி நேரத்துல எழுந்துட்டான்.

அந்த டீயில சக்தி இல்லாம இல்லைங்க. 30 கிராம் வெண்ணெயில 200 கலோரிக்கு மேல வரும், மூணு நாலு இட்லிக்குச் சமம். ரத்தத்துல சர்க்கரை ஏறாது, மதியம் வரைக்கும் பசிக்காம இருக்கிறவங்களும் உண்டு. ஆனா அந்தக் கலோரி அத்தனையும் கொழுப்பு. புரதம் இல்லைன்னே சொல்லலாம், நார்ச்சத்தும் கிடையாது. வெண்ணெய்க்குப் பதிலா நெய் ஊத்தினாலும் இதே கதைதான். மாவுச்சத்தைக் குறைச்சா சிறுநீரகம் உப்பையும் தண்ணியையும் வழக்கத்தைவிட அதிகமா வெளியே தள்ளும். ஏசி ரூம்ல இருந்தா அது தெரியாது. உப்பளத்து வெயில்ல வேர்வையும் சேர்ந்து போனா தெரிஞ்சுடும்.

இந்த வெண்ணெய் காபியைப் பிரபலப்படுத்தினவர் டேவ் ஆஸ்ப்ரேங்கிற அமெரிக்கர். திபெத்துல குடிச்ச வெண்ணெய் டீயில இருந்துதான் அந்த யோசனை வந்துச்சாம். ஆனா திபெத்துக்காரங்க அந்த டீயில உப்புப் போடுவாங்க. வறுத்த வாற்கோதுமை மாவை, சாம்பான்னு சொல்வாங்க, அதுலயே பிசைஞ்சு சாப்பிடுவாங்க. நம்ம கூழ் மாதிரிதான். அவங்களுக்கு டீ சாப்பாட்டோட சேர்ந்தது. இங்க வரும்போது உப்பும் மாவும் வழியிலேயே உதிர்ந்துடுச்சு.

என்னைக் கேட்டா, உக்காந்து வேலை பார்க்கிறவங்க குடிக்கட்டும், கூட ரெண்டு முட்டை வச்சுக்கிட்டா 12 கிராம் புரதமாவது சேரும். ஏழு மணிக்கு இதைக் குடிச்சிட்டு ஒன்பதுக்கு நாலு இட்லியும் சாப்பிடுறது வெறும் கூடுதல் கொழுப்பு. அப்படிச் செய்யுறவங்கதான் நான் பார்த்ததுல அதிகம். கெட்ட கொலஸ்ட்ரால் ஏற்கெனவே கூட இருக்கிறவங்களுக்கு இது ஆகாது. சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்காம காலைச் சாப்பாட்டை நிறுத்தவே கூடாது, சர்க்கரை திடீர்னு இறங்கி மயக்கம் வந்துடும்.

மருமகன் இன்னும் வெண்ணெய் டீயை விடலை. ஆனா ஊருக்குப் போகும்போது ரெண்டு கிலோ கேவுரு மாவும் ஒரு பை கல்லுப்பும் கேட்டு வாங்கிட்டுப் போனான்.