ஒத்த டிக்குக்குக் கடைசி மெசேஜ் எதுக்கு?

ஆப்புல மேட்ச் ஆகி, நம்பர் மாறி, ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரியா பேசின ஒருத்தர் திடீர்னு காணாமப் போயிட்டா, கடைசியா ஒரு மெசேஜ் போட்டு முடிச்சிரலாமான்னு கை துடிக்கும். போடு, மனசு லேசாகும்னு ஒரு கூட்டம். போடாத, மானம் போகும்னு இன்னொரு கூட்டம். மானம், மனசு ரெண்டையும் கொஞ்ச நேரம் ஓரமா வைப்போம். அந்த மெசேஜ் எங்க போய் விழும், யார் கையில விழும்? நான் முதல்ல கேட்கிறது அதைத்தான்.

டிண்டரில் ஒருவர் அன்மேட்ச் பண்ணிட்டா உரையாடலே ரெண்டு பக்கமும் மறைஞ்சிரும். கடைசி மெசேஜ் எழுத அங்க இடமே இல்ல. அது தெளிவான பதில். குழப்பம் எல்லாம் வாட்ஸ்அப்புக்கு மாறினவங்களுக்குத்தான். நீல டிக் விழுந்தா மெசேஜைத் திறந்தாச்சு. சாம்பல் நிறத்துல ரெண்டு டிக்னா போனுக்குப் போயிருச்சு. ரீட் ரிசீட்டை நிறுத்தி வச்சிருந்தா வாசிச்ச பிறகும் அப்படியேதான் நிற்கும். ஒத்த டிக்தான் சிக்கலானது. பிளாக் பண்ணினாலும் ஒத்த டிக், போன் செத்துக் கிடந்தாலும் ஒத்த டிக். பிளாக் பண்ணினவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு வாட்ஸ்அப் வேணும்னேதான் இதைத் தெளிவில்லாம வச்சிருக்கு.

கொழும்புல இருக்கிறவனுக்கு ஒத்த டிக்னா பெரும்பாலும் பிளாக்தான். றொசல்லைக்காரனுக்கு அப்படிச் சொல்லிர முடியாது. எங்க லயத்துல வாசல்படியில நின்னா சிக்னல், அடுப்படிக்குப் போனா இல்ல. மழை விடாத வாரத்துல கரண்ட் போனா டவரும் சேர்ந்து படுத்திரும். ரீலோட் போடக் காசில்லாத மாசக் கடைசியும் உண்டு. இதையெல்லாம் விட, ஊருக்குப் போனா போன் அவளோடதா மட்டும் இருக்காது. தம்பி கேம் விளையாடுவான், அம்மா வெளிநாட்டுல இருக்கிற சித்திகிட்டப் பேசுவாங்க.

என்னோட படிக்கிற நண்பன் ஒருத்தனுக்கு நடந்தது இது. அந்தப் பிள்ளைக்கும் மலைநாடுதான், கொழும்புல ஒரு கடையில வேலை. தீபாவளிக்கு வீட்டுக்குப் போறேன்னு சொன்னதுதான் கடைசி. பதினோரு நாள் சத்தமே இல்ல. அவன் கடைசியா அனுப்பின ரெண்டு மெசேஜும் ஒத்த டிக்ல நின்னுச்சு. இவன் நோட்ஸ்ல ஒரு பக்கத்துக்கு எழுதி வச்சிருந்தான். ஏழு கேள்வி, நடுவுல “என்னை என்னனு நினைச்ச?” வேற. அனுப்பவான்னு கேட்டான். இப்ப வேணாம் மச்சான்னு சொன்னேன்.

காரணம் இதுதான். போய்ச் சேராத மெசேஜை வாட்ஸ்அப் தன் சர்வர்ல 30 நாள் வரைக்கும் வச்சிருக்கும். அதுக்குள்ள அந்தப் போன் எந்த நிமிஷம் நெட்டுக்கு வந்தாலும் அது போய் விழும். அந்த நிமிஷம் போன் அவ அண்ணன் கையில இருந்தா? பேர் தெரியாத நம்பர்ல இருந்து, ராத்திரி பேசினதை எல்லாம் எடுத்துச் சொல்ற ஒரு பக்கம். நம்ம பக்கம் அதோட விளைவு என்னன்னு எல்லாருக்கும் தெரியும்: வேலைக்குத் திரும்பிப் போக விடமாட்டாங்க. எல்லாருக்கும் அழிக்கிற வசதி இருக்கேன்னா, அது ரெண்டு நாள் சொச்சத்துக்குத்தான். அழிச்சாலும் ‘அழிக்கப்பட்டது’ன்னு ஒரு வரி நிற்கலாம். அதுவே வீட்டுல ஒரு கேள்விதான். பிளாக்கா இருந்தா இன்னும் வீண். பிளாக்ல இருந்தப்ப அனுப்பினது, பிறகு பிளாக்கை எடுத்தாலும் போய்ச் சேராது.

அதனால ஒத்த டிக்குக்கு மேல எதையும் அடுக்கக் கூடாதுங்கிறது என் கருத்து. நீல டிக் விழுந்தும் ஒரு வாரம் பத்து நாள் பதில் இல்லைன்னா கதை வேற. அப்ப ஒண்ணே ஒண்ணு அனுப்பலாம், அதுவும் ரெண்டு மாசம் பேசினவங்களுக்கு. மூணு நாள் பேச்சுக்கு விடைபெறுற கடிதம் எல்லாம் ஓவர்.

எழுதுறதுலயும் ஒரு சோதனை இருக்கு. அந்த மெசேஜ்ல கேள்விக்குறி இருந்தா அது கடைசி மெசேஜ் இல்ல, இன்னொரு மெசேஜ்தான். பதில் வருமான்னு திரும்பவும் நாள் எண்ண ஆரம்பிப்போம். நண்பனோட ஏழு கேள்வியையும் வெட்டினோம். மிஞ்சினது இவ்வளவுதான்: “பேசினதுக்கு நன்றி. இனி நான் மெசேஜ் போடமாட்டேன். நல்லா இருங்க.” அவளை ‘நீ’ன்னுதான் கூப்பிடுவான், வேற யாராவது வாசிச்சா பிரச்சினையாகும்னுதான் ‘நல்லா இருங்க’.

அவனுக்கு இது பிடிக்கல. “அப்ப எனக்குக் காரணமே தெரியாமப் போகட்டுமா?”ன்னு கேட்டான். நியாயமான கோபம்தான், நான் மறுக்கல. ஆனா பதில் சொல்ல விரும்பாதவங்ககிட்ட இருந்து காரணத்தை வாங்குற மெசேஜை இதுவரைக்கும் யாரும் எழுதினதா நான் பார்த்ததில்ல. ஃபேஸ்புக்ல தேடி, தங்கச்சிக்கு ரெக்வெஸ்ட் போட்டு, வேலை செய்ற கடைக்குக் கோல் எடுத்துக் காரணம் கேட்கிறவங்களைப் பார்த்திருக்கேன். அதுக்குப் பேரு தொல்லை.

பதினேழாவது நாள் சாம்பல் டிக் ரெண்டாச்சு. மறுநாள் நீலம். இன்னும் ஒரு வாரம் பொறுத்து அந்த மூணு வரியை அனுப்பினான், சாட்டை ஆர்கைவ்ல போட்டான். பதில் வரல. நோட்ஸ்ல அந்த ஒரு பக்கம் மட்டும் இன்னும் இருக்கு, அழிக்கமாட்டேங்கிறான். இருந்துட்டுப் போகட்டும், அது அவன் போன்லதானே இருக்கு.