இரண்டு வரி எழுதாமல் சுற்றறிக்கை அனுப்பாதீர்கள்!

வணிக நண்பர்களே, அரசு அறிவிக்கை ஒன்று வந்தால் அதை அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, மேலே "மிக முக்கியம், அனைவரும் படிக்கவும்" என்று போடுவது நம் சங்கங்களில் வழக்கமாகிவிட்டது. கடையில் ஆள் நிற்கும் நேரத்தில் இதை யார் திறப்பார்கள்?

2022 ஜூலை 13-ந் தேதி வெளியான மத்திய வரி (விகிதம்) 6/2022 அறிவிக்கையை எடுத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு, மாவுக்கு அதுவரை பதிவு பெற்ற பிராண்டு பைக்குத்தான் வரி. அதை மாற்றிய அறிவிக்கை, "இந்தச் சொற்களுக்குப் பதில் இந்தச் சொற்கள்" என்றே போகிறது. மளிகைக்காரருக்கு வேண்டிய 25 கிலோ என்ற எல்லையோ அதில் இல்லவே இல்லை. அது அப்போது எடையளவுச் சட்டத்தின் பொட்டல விதிகளில் கிடந்தது. அதை விளக்கி மத்திய வரி வாரியம் கேள்வி பதில் வெளியிட்டது 17-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வரி அமலுக்கு வந்ததோ மறுநாள் காலை!

அன்று அனுப்பியிருக்க வேண்டிய குறிப்பு இதுதான்:

"6/2022: ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள லேபிள் பை அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத வரி, பதிவு பிராண்டு இல்லாவிட்டாலும் உண்டு.
25 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றை மூட்டைக்கும், பிரித்து நிறுத்து விற்பதற்கும் இல்லை; 17-ந் தேதி கேள்வி பதிலைப் பார்க்கவும்."

முதல் வரி யாருக்கு, எப்போது, என்ன என்பதைச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது வரிதான் பலர் விட்டுவிடுவது. "அரிசிக்கு வரி" என்று மட்டும் எழுதினால், தராசில் நிறுத்து விற்கும் சிறு கடைக்காரர் வீணாகக் கலங்குவார். "ஒற்றை" என்ற சொல்லை விட்டாலோ, பத்துக் கிலோ பை பத்தை ஒரே சாக்கில் கட்டி, நூறு கிலோதானே, வரி இல்லை என்று மொத்த வியாபாரி பில் போட்டுவிடுவார். கேள்வி பதில் அதற்கு வரி உண்டு என்கிறது. பின்னால் நோட்டீஸ் வந்தால் கட்டப்போவது அவர்தான்.

எண்ணையும் தேதியையும் குறிப்பிலேயே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கை மாறும்போது கோப்பு ஒரு பக்கம், குறிப்பு ஒரு பக்கம் பிரிந்துவிடும். எண் இருந்தால் ஆடிட்டரிடமாவது கேட்டு வாங்கலாம்.

"வணிகர் வயிற்றில் அடி" என்று அதிலேயே கண்டனம் எழுதுகிறவர்களும் உண்டு. கண்டனம் நியாயமாகவே இருக்கட்டும், அதைத் தனித்தாளில் எழுதுங்கள். கோபத்தைப் படித்தவர் தேதியைக் கவனிப்பதில்லை.

குறிப்பு சரியா என்று அறிய, அனுப்பியபின் வரும் தொலைபேசிகளைக் கவனியுங்கள். "நம்ம கடைக்கு இது உண்டா அண்ணாச்சி?" என்று நாலு பேர் கேட்டால், முதல் வரியைத் திருத்தி அன்றே மறுபடி அனுப்பிவிட வேண்டும்.