தொடர் செருகல் வினாவும் தமிழ்த் தொடரியைபும்: ஒரு கருத்துரை

ஒரு பத்தியிலிருந்து ஒரு தொடரை உருவி, அதனைத் தனியே கொடுத்து, பத்திக்குள் அதற்குரிய இடம் எது எனக் கேட்பது தொடர் செருகல் வினா. டோஃபல் இணையவழித் தேர்வின் வாசிப்புப் பகுதி இதற்கு நான்கு இடங்களைக் குறித்துத் தரும் வழக்கத்தைப் பரப்பியது. தென்கொரியக் கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் ஐந்து இடங்கள் தரப்படுகின்றன. தமிழிலும் இவ்வகை வினாக்களை அமைக்கும் முயற்சிகள் தொடங்கியுள்ளன. அவற்றுள் பல ஆங்கில வினாக்களின் மொழிபெயர்ப்பாகவே இருப்பதும், அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளுக்கு இடந்தருவதும் கவலைக்குரியன. ஏற்கத்தக்க காரணத்தோடு வேறோரிடத்தைக் குறித்த மாணவர் மதிப்பெண் இழக்கிறார்; பிழையோ வினாவினுடையது.

இவ்வினாவின் அடிப்படை ஒன்றே. செருகப்படும் தொடர் தனக்கு முன்னுள்ள தொடரைப் பற்றி நிற்க வேண்டும். தனக்குப் பின்னுள்ள தொடர் அதனைப் பற்றி நிற்க வேண்டும். நம் இலக்கண மரபு இவ்வேறுபாட்டை நன்கறியும். நன்னூல் கூறும் பொருள்கோள் எட்டனுள் ஆற்றுநீர்ப் பொருள்கோள் ஒழுங்காக முன்னோக்கிச் செல்வது. அடிமறிமாற்று, எவ்வடியை எங்கு வைப்பினும் பொருள் கெடாதது. அவை செய்யுள் அடிகளுக்குச் சொல்லப்பட்டவை என்பது உண்மையே. எனினும் உரைநடைப் பத்தி ஒன்று அடிமறிமாற்றாக அமைந்துவிட்டால் அதிலிருந்து செருகல் வினாவை எடுக்க இயலாது. ஓர் ஊரின் சிறப்புகளையோ ஒரு புலவரின் நூல்களையோ அடுக்கிச் செல்லும் பத்திகள் பெரும்பாலும் இத்தகையன. வினா அமைப்போர் இவற்றையே விரும்பி எடுப்பது ஏனோ தெரியவில்லை.

இக்கட்டுரையாளர் தம் முதுகலை வகுப்புக்கென அமைத்த ஒரு வினாவை இங்குச் சான்றாகக் கொள்ளலாம். பத்தி வருமாறு:

"ஓலைச்சுவடி எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். (அ) எழுத்தாணியின் கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். (ஆ) புள்ளி இல்லாமையால் ஒரே வடிவம் மெய்யாகவும் உயிர்மெய்யாகவும் படிக்கப்பட்டது. (இ) ஆகவே பதிப்பாசிரியர் யாப்பையும் பொருளையும் கொண்டே சரியான பாடத்தைத் துணிய வேண்டியிருந்தது. (ஈ)"

செருக வேண்டிய தொடர்: "எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் தெரியாமற்போயிற்று."

அமைத்தவர் கருதிய விடை (இ). மெய், உயிர்மெய் மயக்கத்தைச் சொன்னபின், புள்ளியின்மையால் விளைந்த மற்றொரு மயக்கத்தை உம்மை கொடுத்துச் சேர்ப்பது இயல்பு என்பது அவர் எண்ணம். மாணவர் சிலர் (ஆ) என்றனர். வேறு சிலர் (ஈ) என்றனர். அவர்கள் கூறிய காரணங்களைக் கேட்டபோது தவறு வினாவில் இருந்தது புலனாயிற்று.

(ஆ) எனக் குறித்தவர் சுட்டிக்காட்டியது உம்மையின் இயல்பை. எச்சவும்மை இறந்தது தழுவியும் வரும், எதிரது தழுவியும் வரும் என்பது உரையாசிரியர் கண்ட பாகுபாடு. சாத்தனும் வந்தான் என்றவிடத்துக் கொற்றன் முன்னரே வந்திருத்தலும் உண்டு, இனி வருதலும் உண்டு. அவ்வாறே 'வேறுபாடும்' என்னும் உம்மை, அடுத்து வரவுள்ள மெய், உயிர்மெய் மயக்கத்தையும் தழுவலாம். அப்போது (ஆ) பொருந்திவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஆல்சோ' என்னும் சொல் பெரும்பாலும் முற்கூறியதையே நோக்குவதால் அம்மொழி வினாக்களில் அது உறுதியான குறிப்பாகிறது. அதனை உம்மையாக மொழிபெயர்த்தவுடன் உறுதி குலைகிறது. சிறப்பும்மையாகவும் கொள்ளத்தக்க இடமாயின் நிலைமை இன்னும் சிக்கலாகும். 'அரசரும் ஏற்றார்' என்பதில் பிறர் ஏற்றமை முன் சொல்லப்பட்டதா, அரசரே ஏற்றார் என்னும் வியப்பு மட்டுமா என்பதை அத்தொடர் மட்டும் காட்டாது.

(ஈ) எனக் குறித்தவர் வேறு வழியில் சென்றனர். துணிபைச் சொல்லி முடித்தபின் விடுபட்ட ஒன்றை நினைவுகூர்ந்து சேர்ப்பது தமிழ் உரைநடையில் அரிதன்று. 'ஆகவே' தொடங்கும் தொடர் ஒரு மயக்கத்தை மட்டும் காரணமாகக் கொண்டே நிறைவு பெறுகிறது. இரண்டாவதை அது வேண்டி நிற்கவில்லை. அதாவது, செருகப்பட்ட தொடரைப் பின்தொடர் பற்றவில்லை.

திருத்தம் இரண்டு சொற்களில் அமைந்தது. செருகும் தொடர், "எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் இவ்வாறே தெரியாமற்போயிற்று" என்றாயிற்று. தெரியாமற்போன வேறொன்று முன்னரே சொல்லப்பட்டிருந்தாலன்றி 'இவ்வாறே' நிற்க இயலாது. ஆகவே (ஆ) விலகியது. இறுதித் தொடர், "இவ்விரு மயக்கங்களையும் தீர்க்கப் பதிப்பாசிரியர் யாப்பையும் பொருளையும் துணைக்கொண்டார்" என மாற்றப்பட்டது. செருகாத நிலையில் பத்தியில் ஒரு மயக்கமே உள்ளது. 'இரு' என்னும் எண்ணிற்குரிய மற்றொன்று இறுதித் தொடருக்கு முன்னரே வந்தாக வேண்டும் என்பதால் (ஈ) விலகியது. (அ) முதலிலிருந்தே பொருந்தாது. அங்குச் செருகின் அடுத்த தொடரின் 'அதற்கு' என்னும் சுட்டு, புள்ளி தவிர்த்தமையை விட்டு வேறுபாடு மறைந்தமையைச் சுட்டித் தவறும்.

இத்திருத்தத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. 'இவ்விரு' என்பது மட்டும் இருந்திருந்தால் (ஆ) நீங்கியிராது. அங்குச் செருகினாலும் இரு மயக்கங்கள் கிடைத்துவிடும். 'இவ்வாறே' மட்டும் இருந்திருந்தால் (ஈ)க்கு வாதாடுவோர் இருந்தேயிருப்பர். முன்பற்று ஒன்றும் பின்பற்று ஒன்றும் சேர்ந்தே இடத்தை உறுதிசெய்தன. விடை தேடும் மாணவரும் செருகும் தொடரை மட்டுமே உற்றுநோக்குவதை விடுத்து, ஒவ்வோர் இடைவெளிக்கும் அடுத்துள்ள தொடர் எதனைக் கேட்டு நிற்கிறது எனப் பார்க்கப் பழக வேண்டும். இவ்வினாவில் 'இவ்விரு' என்பதைக் கண்டு, எவ்விரண்டு என வினவியவருக்கு ஒரு மயக்கம் குறைவது உடனே தெரிந்திருக்கும்.

சுட்டுகளையும் இணைப்புச் சொற்களையும் மிகுதியாகப் பெய்துவிட்டால் மாணவர் பொருளைப் படியாமல் சொற்களைப் பொருத்தியே விடை காண்பர் என்னும் மறுப்பு எழலாம். அது நியாயமானதே. மேற்கண்ட 'இவ்விரு' ஏற்கத்தக்கதாவது, அவை எவை என அறிய மாணவர் பொருளைப் பிரித்தறிந்தாக வேண்டும் என்பதால். வெறும் 'மேலும்', 'எனினும்' போன்றவற்றை நம்பிய வினா அவ்வாறன்று. ஒரு சோதனை உண்டு: இணைப்புச் சொற்களை நீக்கிப் பத்தியைப் படித்துப் பார்த்தல். அப்போதும் காரணம் முன்னும் விளைவு பின்னுமாக வரிசை தெரியுமாயின் பத்தி தகுதியுடையது. தெரியாதாயின் அது அடிமறிமாற்றே.

மொழிபெயர்ப்பில் இழக்கப்படும் மற்றொரு குறிப்பு ஆங்கிலத்தின் சார்படை. முதன்முறை 'எ மெர்ச்சன்ட்', அடுத்து 'தி மெர்ச்சன்ட்' எனும்போது எது முதல் தொடர் என்பது வெளிப்படை. தமிழில் 'வணிகர்' என இரண்டிடத்தும் நின்றால் வரிசைக் குறிப்பு மறைகிறது. 'அவ்வணிகர்' எனச் சுட்டிட்டால் குறிப்பு உரத்துப் பேசுகிறது. முதலிடத்தில் 'வணிகர் ஒருவர்' என்று கூறி, பின்னர் எழுவாயை விடுத்து வினைமுற்று விகுதியாலேயே அவரை உணர்த்துவது நம் இயல்பான நடை. அவ்விகுதி எந்த எழுவாயை நோக்குகிறது என மாணவர் தேடுமாறு அமைந்த வினா, தமிழ்த் தொடரியைபையே சோதிக்கும். அதனைத் தமிழில் எழுதப்பட்ட பத்தியிலிருந்துதான் எடுக்க இயலும்.